ஆண்டு விழாவை 7 மணிக்கு முடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளி ஆண்டு விழா 4 மணிக்குத் தொடங்கி, சொன்னபடி 7 மணிக்கு நாட்டுப்பண்ணோடு நிறைவடைந்தது. கடைசி டவுன் பஸ்ஸை யாரும் தவற விடவில்லை. மைக் என் கையில் இருந்ததால் பார்ப்பவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு யார் யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி உடற்கல்வி ஆசிரியருக்கு. பரிசு 54 பேருக்கு. பெயரைக் கூப்பிட்டு, பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, மேடை ஏறி, பரிசு வாங்கிப் போட்டோவுக்கு நின்று இறங்க அரை நிமிடம் ஆகும். அப்படியென்றால் மொத்தம் 27 நிமிடம், அதுவும் ஒரே மூச்சில். எந்தக் கூட்டமும் அவ்வளவு நேரம் கை தட்டாது. சார் பிள்ளைகளை முன்கூட்டியே இடது படிக்கட்டு ஓரம் வரிசையாக நிறுத்தி, கேடயங்களையும் அதே வரிசையில் மேசையில் அடுக்கிவிட்டார். ஒருவர் பரிசு வாங்கும்போதே அடுத்தவர் மேல்படியில் நின்றார். ஆளுக்குப் பத்து விநாடிதான் ஆனது. அதனால் பரிசளிப்பைப் பதினெட்டுப் பதினெட்டுப் பேராக மூன்று சுற்றாக்கி, மூன்று மூன்று நிமிடமாக நடனங்களுக்கு நடுவே வைக்க முடிந்தது.

எந்த இடைவெளியில் எதை வைப்பது என்பதைத் தீர்மானித்தது திரைக்குப் பின்னால் இருந்த அம்மாக்கள். ஒயிலாட்டம் ஆடிய நான்கு பெண்கள் அடுத்ததாகப் பரதநாட்டியத்திலும் இருந்தார்கள். ஒத்திகையில் அவர்களுக்கு உடை மாற்ற 7 நிமிடம் ஆனது. ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு ஒரு அம்மா மடிப்பு வைக்க, இன்னொருவர் சலங்கை கட்ட, அதற்குக் குறைத்து முடியவே முடியாது. தொகுப்பாளர் அந்த 7 நிமிடத்தையும் பேசி நிரப்பினால் அரங்கம் கலைந்துவிடும். ஆகவே அந்த இடத்தில் ஒரு பரிசுச் சுற்றையும் முன்னாள் மாணவர் ஒருவரின் 5 நிமிடப் பேச்சையும் வைத்தோம்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்ததைக் கண்டுபிடித்தவர் எட்டாம் வகுப்பு ஆசிரியை. பரிசுப் பட்டியலையும் நடனப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த நான்கு பெண்களும் கபடி அணியில் இருக்கிறார்கள். அங்கே நாங்கள் வைத்திருந்ததோ விளையாட்டுப் பரிசுச் சுற்று! பெயர் கூப்பிடும்போது அவர்கள் பாதி உடையில் உள்ளே நின்றிருப்பார்கள். விளையாட்டுச் சுற்றை ஒயிலாட்டத்துக்கு முன்னால் நகர்த்தி, படிப்புக்கான பரிசுகளை இங்கே கொண்டுவந்தோம்.

அலுவலகத் தட்டச்சர் அக்காவுக்குத் தனி நன்றி. தொகுப்புரையை ஒரே தாளில் தொடர்ச்சியாக அடிக்காமல், நிகழ்ச்சிக்கு ஓர் அட்டையாகப் பெரிய எழுத்தில் அடித்துத் தந்தார். எந்த அட்டையிலும் ‘இதைத் தொடர்ந்து’ என்று அடுத்த நிகழ்ச்சியின் பெயர் வராது. அது அது தன்னை மட்டும் அறிமுகப்படுத்தும். சிறப்பு விருந்தினர் 25 நிமிடம் தாமதமாக வந்தபோது அதன் அருமை தெரிந்தது. அவர் இல்லாமல் தமிழ்த்தாய் வாழ்த்தும் குத்துவிளக்கும் தொடங்க முடியாது. கூட்டத்தையும் சும்மா உட்கார வைக்க முடியாது. பின்னால் வர வேண்டிய மழலையர் பாட்டு, திருக்குறள் ஒப்புவித்தல், கும்மி அட்டைகளை உருவி முன்னால் வைத்தேன். ஒரு வரிகூட மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விருந்தினர் 6 மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றிருந்தார். அதனால் மூன்று பரிசுச் சுற்றும் அதற்குள் வரும்படி பார்த்துக்கொண்டு, மீதி நடனங்களை அவர் போன பிறகு தள்ளினோம்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடிதான். ஆனால் எல்லாரும் எழுந்து உட்கார நேரம் வேண்டும் என்று நிரலில் 2 நிமிடம் போடச் சொன்னவர் தலைமை ஆசிரியர். தமது ஆண்டறிக்கையையும் 12 நிமிடத்துக்குள் அவரே சுருக்கிக்கொண்டார். நேரத்தைப் பற்றி மற்றவர்களிடம் பேச எனக்குத் தைரியம் வந்தது அதனால்தான்.

என்னோடு தொகுத்த பிளஸ் ஒன் மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசு பெறும் அத்தனை பேரிடமும் நேரில் போய், ‘உன் பெயரை நீ எப்படிச் சொல்வாய்?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு இனிஷியலைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து படியேறும் குழப்பம் வரவில்லை.

அப்புறம் ஒலிபெருக்கி அண்ணன். பாட்டுகளை வரிசை எண் போட்டுப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். வரிசையை மாற்றியபோதும் நான் எண்ணை மட்டும் விரலால் காட்டினால் போதும். திரை ஓரத்திலிருந்து செல்போன் டார்ச் ஒரு முறை மின்னினால் ஆடுபவர்கள் தயார், இரு முறை மின்னினால் இன்னும் ஒரு நிமிடம் என்று பேசி வைத்திருந்தோம். பரதநாட்டியத்துக்கு முன் இரு முறை மின்னியது. நான் கேட்காமலேயே மெல்லிய நாதஸ்வர இசையை ஓடவிட்டு, அந்த ஒரு நிமிடத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

அட்டைகளும், ஒத்திகையில் எடுத்த உடை மாற்றும் நேரக் குறிப்பும் ஆண்டு விழாக் கோப்பில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு மைக் பிடிப்பவர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
விழாத் தொகுப்பாளர், தமிழாசிரியை