அம்மா சமையலுக்கு சப்டைட்டில் போட்டுக்கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சேனல்ல அம்மா வத்தக்குழம்பு வைக்கிற வீடியோவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் வந்தாச்சு, அதுல என் பங்கு ரொம்ப கம்மி.

மொத நன்றி டொராண்டோ அக்காவுக்கு. நான் மொதல்ல அம்மா பேசுறத ஒரு வார்த்தை விடாம மொழிபெயர்த்து போட்டு, பெரிய வேலை பண்ணிட்டேன்னு நினைச்சிட்டு இருந்தேன். அக்கா ஒன்பது வயசு மகளோட பாத்துட்டு வாய்ஸ் அனுப்பினாங்க, "தம்பி, பிள்ளை சட்டியப் பாக்கேல்ல, எழுத்தைத்தான் பாக்கிறாள், அதையும் வாசிச்சு முடிக்கேல்ல"ன்னு. எண்ணிப் பாத்தா மூணரை செகண்டு நிக்கிற வரியில 77 எழுத்து, செகண்டுக்கு 22! பெரியவங்களுக்கே 17, 20 தான் சௌகரியம், குழந்தைங்களுக்கு 13 சுமாருக்குள்ள வச்சா நல்லதுன்னு அக்கா சொல்லி, உக்காந்து எல்லா வரியையும் வெட்டினாங்க. அந்த வரி இப்போ இப்படி இருக்கு:

```
14
00:01:52,300 --> 00:01:55,800
Wait till the mustard pops.
```

எண்ணெய் காஞ்சது, கடுகு போட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரியுதே, அத எதுக்கு எழுதணும்? இதுல 27 எழுத்துதான்.

அடுத்து பெங்களூரு தோழி, கன்னடக்காரங்க, தமிழ் தெரியாது. தாளிக்கிறதுக்கு நான் "temper"னு போட்டிருந்தேன், யாருக்கு கோவம்னு கேட்டாங்க. அத்தை, சித்தி ரெண்டு பேரும் "aunty" ஆகி, ஒரே ஆளு ரெண்டு ஊர்ல இருக்காங்கன்னு நினைச்சிட்டாங்களாம்! இப்போ Athai, Chithi அப்படியே இருக்கு, மொத தடவை மட்டும் "Appa's sister"னு சேத்திருக்கோம்.

தலைப்பு விஷயம் பினாங்கு தம்பி சொல்லித்தான் தெரியும். நான் ஒரே தலைப்புல தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் திணிச்சு, போன்ல பாதி வெட்டுப்பட்டு நிக்கும். யூடியூப் ஸ்டூடியோல வீடியோவோட மொழிய தமிழ்னு வச்சிட்டு, இன்னொரு மொழியா இங்கிலீஷ் சேத்து, அங்கயே தலைப்பும் விவரமும் தனியா குடுக்கலாம். இங்கிலீஷ்ல யூடியூப் பாக்கறவங்களுக்கு அது வரும், நம்மாளுங்களுக்கு தமிழே இருக்கும். வெறும் Vatha Kuzhambu போதாதுன்னு "Tangy Tamarind Stew with Dried Turkey Berries"னு சேத்ததும் தம்பிதான், சுண்டைக்காய்க்கு அப்படி ஒரு பேரு இருக்கறதே எனக்கு தெரியாது.

பாக்கறவங்களே நேரா சப்டைட்டில் போடுற வசதிய யூடியூப் 2020லயே எடுத்துட்டாங்க, அதனால மூணு பேரும் ஃபைல வாட்ஸ்அப்ல அனுப்பி நான் ஏத்திட்டு இருந்தேன். இப்போ அக்காவுக்கு சப்டைட்டில் எடிட்டர் அனுமதி குடுத்தாச்சு, சேனல்ல வேற எதையும் தொட முடியாது, பயப்படாதீங்க அக்கா.

ஒரு மன்னிப்பும் கேக்கணும். ஆரம்பத்துல நாலு செகண்டு வெட்டி மறுபடி ஏத்தினேன், பழைய ஃபைலையே போட்டுட்டேன். புளி கரைக்கிறது முடிஞ்சப்புறம்தான் "புளி கரைக்கணும்"னு வரி வருது. 140 வரிக்கும் நேரத்த நாலு செகண்டு முன்னாடி தள்ளி, ராத்திரியே திருப்பி அனுப்பினது தம்பிதான். அம்மா அவனுக்கு ஒரு டப்பா சுண்டைவத்தல் கட்டி வச்சிருக்காங்க, ஊருக்கு வர்றப்ப வாங்கிக்க தம்பி.