கைநாட்டு வாங்க அல்ல, காட்டிச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும்

எங்கள் ஜெட்டி வேலையின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பம்புக் குழியில் நடந்த விபத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 14 பக்க அறிக்கையை எழுதியவர்களே நீங்கள்தான். அதை ஒரு பக்கமாகச் சுருக்கி, வேலை தொடங்கும் முன் ஆட்களிடம் பேசும் டூல்பாக்ஸ் டாக்கில் வாசிக்கச் சொல்லி எனக்கு அனுப்பினீர்கள். இந்த மடல் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது.

காலை ஏழு மணி. கச்சான் காற்று அள்ளிப் போடுகிறது. தாளை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். பொடி எழுத்தில் 41 வரி. "நீர்மூழ்கி மின் இறைப்பான்களைக் கையாளுகையில் உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளத் தவறியமையால்..." என்று போகிறது. எதிரே 26 பேர். பாதிப்பேர் நம் கடற்கரை ஊர்க்காரர்கள், மீதி ஒடிசா, பீகார். வாசித்து முடித்ததும் வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள். கடைசியாக வந்த ஹெல்பரிடம், "நான் என்னப்பா சொன்னேன்?" என்று கேட்டேன். "கைநாட்டு வைக்கச் சொன்னீகண்ணே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை.

அதற்கடுத்த வாரம் அதே ஆள், ஓடுகிற பம்பைக் கேபிளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். நான் கத்தியதில் விட்டுவிட்டார். அன்று ஏதாவது ஆகியிருந்தால், "அவருக்குச் சொல்லியாகிவிட்டது, இதோ கைநாட்டு" என்று அந்தத் தாள் நம் அலுவலகத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கும். அவருக்கு அது எந்த வகையில் உதவியிருக்கும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

நான் கேட்பது ஒன்றுதான். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி ஒரு பக்கம் தாருங்கள்.

அறிக்கையின் கடைசியில் ஒன்பது பாடங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை அப்படியே ஒரு பக்கத்தில் திணித்ததுதான் கோளாறு. ஒவ்வொன்றையும் எடுத்து, "இதை ஹெல்பர் நாளைக் காலை தன் கையால் செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. வாங்கி மாட்டுவது அவர் வேலையில்லை. எர்த் கம்பியைச் சோதிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. ஒட்டுப்போட்ட கேபிளை மாற்றப் பணம் ஒதுக்குவது உங்கள் வேலை. இவையெல்லாம் வேறொரு தாளில், வேறு ஆட்கள் கையெழுத்தோடு இருக்கட்டும். இப்படித் தள்ளத் தள்ள மிஞ்சியது மூன்றுதான்: சுவிட்ச், கயிறு, ட்ரிப்பர்.

முதலாவது, சுவிட்ச். விபத்தன்று அடிபட்டவர் பம்பு ஓடும்போதே குழிக்குள் இறங்கினார். கேபிளை இழுத்ததும் பம்பின் தலையில் அது நுழைகிற இடம் பிடுங்கிக்கொண்டு, தண்ணீரில் கரண்ட் பாய்ந்தது. பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் போதும், விரல்கள் இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. அவரை இழுக்கக் குதித்த இரண்டாவது ஆளும் மாட்டிக்கொண்டார். யாரோ ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியதால்தான் இருவரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அதனால் தண்ணீரில் கால் வைக்கும் முன்னும் சுவிட்சை அணை, மாட்டிய ஆளைத் தொடும் முன்னும் சுவிட்சை அணை. அந்த இரண்டாவது ஆளைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கதை சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து கேட்பது அந்த இடத்தில்தான். அங்கேயே நிறுத்தி, "நீ என்ன செய்வே?" என்று கேட்க வேண்டும். "இழுப்பேன்" என்றுதான் பத்தில் எட்டுப் பேர் சொல்கிறார்கள்.

இரண்டாவது, கயிறு. பம்பின் கைப்பிடியில் கயிறு கட்டி, அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இதற்கு வாக்கியமே தேவையில்லை. பம்பையும் கயிற்றையும் நடுவில் வைத்து ஒருவரைக் கட்டச் சொன்னால் போதும்.

மூன்றாவது, ட்ரிப்பர். ஈ.எல்.சி.பி.யை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது விழுந்தால் கை வைக்காதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. காலையில் கரண்ட் இருக்கும்போது T பட்டனை அழுத்து. விழவில்லையென்றால் எதையும் சொருகாதே. T பட்டன் ட்ரிப்பரை மட்டும்தான் சோதிக்கும், எர்த் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. ஆகவே விழுந்துவிட்டது, எல்லாம் பத்திரம் என்று நாங்களும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் எழுதிவிடுகிறேன். அறிக்கையில் "ஈ.எல்.சி.பி. செயல்படவில்லை" என்று இருக்கிறது. செயல்படாமல் என்ன, அன்று காலை அது நான்கு முறை விழுந்தது. குழியில் தண்ணீர் ஏறுகிறது, கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது, அதைத் தாண்டி நேராக லைன் கொடுக்கச் சொன்னார்கள். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உப்புக் காற்றில் சும்மா சும்மா விழும் என்று எல்லோரும் பேசிக்கொள்வது வழக்கம். ஆனால் அன்று தண்ணீரில் கிடந்த கேபிள் ஒட்டிலிருந்து கரண்ட் கசிந்ததால்தான் விழுந்தது. "பணியாளரின் கவனக்குறைவு" என்று தொடங்கும் பக்கத்தை இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஆட்களிடம் நான் எந்த முகத்தோடு வாசிப்பது?

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலையிலிருந்து எடுத்த, கோட்டு சூட்டு போட்ட பொம்மை வேண்டாம். நம் குழி, நம் பம்பு, நம் சுவிட்ச் போர்டு, செல்போனில் எடுத்தாலே போதும். தப்பைப் படம் போட்டு அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடாதீர்கள். போன முறை அந்தக் குறியைப் பார்த்துவிட்டு ஒருவர், "கயிறு கட்டுற இடமாண்ணே?" என்றார். சரியானதை மட்டும் காட்டினால் போதும். அடிபட்டவரின் படமோ பெயரோ வேண்டவே வேண்டாம், அவர் திரும்பி வந்து இதே ஆட்களோடு சாப்பிட உட்கார வேண்டியவர். ஒடிசாக்காரர்களில் ஒருவரே தன் பேச்சில் இதைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் தாளை ஐந்து பேரிடம் காட்டி, பிறகு மூடிவிட்டு, "என்ன செய்வே, செய்து காட்டு" என்று கேளுங்கள். மூன்று பேர் தடுமாறினால் தப்பு தாளில் இருக்கிறது.

மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு ஃப்ளெக்ஸ், உறுதிமொழி, லட்டு எல்லாம் தவறாமல் வருகிறது. உறுதிமொழியின் தமிழ் எனக்கே முழுதாகப் புரியவில்லை, லட்டு நன்றாக இருந்தது. அந்த ஃப்ளெக்ஸ் இப்போது சிமெண்டு மூட்டைக்குப் போர்வையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூன்று படமும் படத்துக்கு ஒரு வரியுமாக வேறொரு பக்கம் தாருங்கள். அதுவரை கைநாட்டுப் பட்டியலை நிறுத்திவைக்க அனுமதி கேட்கிறேன். முடிந்தால் வரும் திங்கள் காலை ஏழு மணிக்கு உங்களில் ஒருவர் குழியருகே வர வேண்டும். பம்பும் கயிறும் நான் எடுத்து வைத்திருப்பேன். பழைய தாளையும் கொண்டுவாருங்கள், முதலில் அதை நீங்களே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

பணிவுடன்,
தள மேற்பார்வையாளர் ஒருவர்
ராமநாதபுரம் கடற்கரை