கசகசா இல்லாத தண்டாய்

துபாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

அநேக நமஸ்காரங்கள். இங்கே நாங்கள் நலம். காசியில், அனுமான் கட்டத்து வீட்டில் அனைவரின் நலமறிய ஆவலாக இருக்கிறேன்.

சென்ற வாரம் ஹோலிக்கு எங்கள் குடியிருப்பில் உள்ளவர்களுக்கு நானே தண்டாய் செய்து கொடுத்தேன். அதில் நீ கட்டாயம் சேர்க்கும் கசகசாவை என்னால் சேர்க்க முடியவில்லை. அபின் செடியின் விதை என்பதால் இந்த நாட்டில் அதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஒரு சிறு பொட்டலத்தைக்கூட யாரும் கொண்டுவரக் கூடாது. பாலுக்குக் கசகசா எவ்வளவு செறிவு கொடுக்கிறது என்பது அது இல்லாதபோதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் சோதித்துப் பார்த்தபோது அதற்கு ஈடாக அரைக் கிண்ணம் முந்திரியைப் போட்டேன். அது பாயசம்போல் கனத்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மறுமுறை முந்திரியைப் பத்தாகக் குறைத்து, நம் ஊர்க் கடைகளில் மகஜ் என்று விற்பார்களே, அந்தத் தோல் நீக்கிய தர்பூசணி விதையை மூன்று மேசைக்கரண்டியாகக் கூட்டினேன். ஒரு லிட்டர் பாலுக்கு அதுவும், முப்பது பாதாமும், ஒரு மேசைக்கரண்டி சோம்பும், இருபது மிளகும், ஆறு ஏலக்காயும் சரியாக இருந்தன.

அம்மியில் நீ நிதானமாக இழுத்து அரைப்பதால் விழுது தானாகவே நைந்துவிடும். மிக்சியிலோ வழுவழுப்பான விதைகள் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்கின்றன. அதிக நேரம் ஓட்டினால் விழுது சூடாகி எண்ணெய் பிரிகிறது. அதனால் மிளகையும் சோம்பையும் ஏலக்காயையும் முதலில் உலர்வாகப் பொடித்துக்கொண்டு, இரவு முழுவதும் ஊறிய பருப்புகளையும் விதைகளையும் அதில் சேர்த்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தேன். உலர்ந்த ரோஜா இதழ்களைத் தனியாக ஊறவைத்து, கடைசிச் சுற்றில்தான் போட்டேன். அளவு மிஞ்சினால் அவை கசப்பைச் சேர்த்துவிடும்.

விழுதை இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது மணல்போல் நெருடியது. மெல்லிய துணியில் பிழிந்து, தங்கிய சக்கையை மீண்டும் அரைத்து, இரண்டாம் முறையும் பிழிந்த பிறகுதான் நெருடல் நீங்கியது. காய்ச்சி, சர்க்கரை கலந்து, நன்றாக ஆறிய பாலில் அதைச் சேர்த்து, குங்குமப்பூ ஊறிய பாலையும் விட்டு, நான்கு மணி நேரம் குளிர வைத்தேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். அடியில் மெல்லிய வண்டல் மட்டுமே படிந்திருந்தது. ஆனாலும் கசகசா தரும் அந்த மண்வாசனை கலந்த ருசி வரவில்லை, அம்மா.

அடுத்த மாதம் அண்ணா இங்கே வரும்போது நம் தெருக் கடையின் ரோஜா இதழ்களைக் கொடுத்தனுப்பு. வேறு எந்தச் சாமானோடும் கசகசா கலந்துவிடாமல் அவர் பெட்டியை நீயே ஒருமுறை பார்த்துவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்