உன் பாட்டைப் படித்தேன் பாப்பா

பாப்பா, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பாட்டைப் படித்தேன், ஹார்மோனியத்தில் வைத்தும் பார்த்தேன். மெட்டு நல்லா இருக்கு, அதை மாத்தாதே. ஆனால் 'என்னால் முடியும், வானமே எல்லை' என்கிற பல்லவி உன்னுடையதே இல்லைம்மா. பரீட்சை எழுதுகிற பிள்ளையும் பாடலாம், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவனும் பாடலாம். வேலை போனவள் பாடுகிறாள் என்று அதில் எங்கே தெரிகிறது?

நீ பாயான் லெப்பாஸ் பேக்டரியில் எட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் போர்டு பார்த்தவள். கடைசி நாள் பேர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று போனில் அழுதாயே, பாட்டு அங்கேதான் இருக்கு. அதே மெட்டில் இப்படி எழுதினேன்:

அட்டையைத் திருப்பித் தந்தேன் – என்
கைத்திறனைத் தந்தேனா?
எட்டு வருஷம் கற்ற வேலை – அந்த
அட்டையோடு போயிடுமா?

முதலில் 'தரவில்லை' என்றுதான் முடித்தேன். அந்த இடத்தில் உன் மெட்டு நீளமாக நிற்கிறது, 'ஐ'யில் வாய் முழுசாகத் திறக்கவில்லை. 'தந்தேனா' என்றால் ஆகாரத்தில் தாராளமாக இழுக்கலாம். அதோடு கேள்வியாகவும் ஆகிவிட்டது, கேட்கிறவர் மனசிலேயே 'இல்லை' என்று பதில் வந்துவிடும், நீ நெஞ்சைத் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அட்டை, எட்டு என்று எதுகையும் தானாகவே விழுந்தது.

சரணத்தில் பயத்தை ஒளிக்காதே. பயமே இல்லாதவள் தைரியமாகப் பாடினால் யார் நம்புவார்கள்?

காலை அஞ்சுக்கு முழிப்பு வருது – ஏறக்
காத்திருக்கும் பஸ் இல்லே
வேலை கேட்டு எழுதிப் போட்டா – ஒரு
வார்த்தைகூடப் பதில் இல்லே

இதைக் கீழ் ஸ்தாயியிலேயே பாடு, அவசரப்படாதே. இதைக் கேட்டபின் பல்லவி திரும்ப வரும்போது அதே வரிக்கு வேறு கனம் வந்துவிடும், முதல் தடவை வருத்தமாகக் கேட்டது இப்போது வழக்குப் பேசுவது போல இருக்கும். சரணத்தை நான் 'இல்லே' என்றே முடித்திருக்கிறேன் பார், அங்கே குரல் நீள வேண்டாம், சட்டென்று அறுந்தால்தான் சரி.

இரண்டாவது சரணத்தை நீதான் எழுதணும். மயிரிழை அளவு விரிசலையும் உன் கண் பிடித்துவிடுமே, புதுசாக வந்த பிள்ளைகளுக்கு நீ கற்றுக்கொடுத்தாயே, அதில் ஏதாவது ஒன்றை எடு. பால்மரத்தைக் கொண்டு வராதே, வெட்டின பட்டை திரும்ப வளரும் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மரம் வெட்டினது நானும் உன் அம்மாவும், உன் கையில் அந்தக் கத்தி இருந்ததில்லை. கடைசியில் வேலை கிடைத்துவிட்டதாகவும் முடிக்காதே. இன்னும் கிடைக்கவில்லையே. நாளைக்கு எந்த இடத்துக்குப் போய்க் கேட்கப் போகிறாய் என்பதோடு நிறுத்து.

அப்புறம், பெர்கேசோவில் வேலை இழப்புக்கு மனு போட 60 நாள்தான் கணக்கு, தள்ளிப் போடாதே. பாட்டை அஞ்சு கட்டையில் பாடி அனுப்பு, அம்மாவும் கேட்கணும் என்கிறாள்.

அப்பா
சுங்கை சிப்புட்