யாழினியின் எண் ஏழு பேரிடம்

அரவேனு, கோத்தகிரி
நவம்பர் 9

அன்புள்ள சாந்தா,

ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை நேரில் வரும்போது திட்டிக்கொள். எல்லோரும் நலம். மாமியாரின் முழங்கால் குளிருக்கு வலிக்கிறது. பசுந்தேயிலை விலையைப் பற்றி ரவியிடம் மட்டும் கேட்டுவிடாதே, இரவு முழுக்கப் பேசுவார். லில்லி டீச்சர் இன்னும் அதே பச்சைக் குடையோடுதான் சந்தைக்கு வருகிறார்.

சொல்ல வந்த விஷயம் வேறு. யாழினிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். "ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு என்ன போன்?" என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. மாலை ஆறரைக்கு டியூஷன் முடிந்து ஜான்ஸ்டன் சதுக்கத்தில் நிற்கிறாள். இந்த மாதத்தில் அந்நேரம் மூடுபனி இறங்கி, எதிரே வருவது பஸ்ஸா காட்டெருமையா என்று தெரியாது. 2009 நவம்பர் மண்சரிவு உனக்கு மறந்திருக்காது. அந்த இரவில் யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் நாம் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்த நினைப்புதான் என்னை வாங்க வைத்தது. சிம் என் பெயரில் இருக்கிறது, பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெயரில் தருவதில்லை.

போன் வந்த இரண்டாம் வாரம் பள்ளியில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு பயிற்சி நிறுவனம் மேசை போட்டு, இலவசத் திறனறித் தேர்வு என்று சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறது. பெயர், வகுப்பு, கைபேசி எண். புதிதாகக் கிடைத்த எண்ணைப் பெருமையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளே ஒருவர் அழைத்து, "மேடம், உங்கள் மகள் நன்றாகப் படிப்பாளா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாம் நாள் அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். நூற்றெண்பதுக்கு மேல் ஆட்கள், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து இரவு பத்தே முக்காலுக்கு ஒரு செய்தி வந்தது: "ஹோம்வொர்க் முடிச்சாச்சா யாழினி?"

வகுப்பு எடுப்பவர் என்று நினைத்து அவளும் பதில் போட்டாள். அடுத்த கேள்வி, "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

சாந்தா, அவள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அதற்காக நான் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும் என்றுதான் கை துடித்தது. பிடுங்கியிருந்தால் அடுத்த முறை இப்படிக் கொண்டுவந்து காட்டமாட்டாள். செய்திகளையும் அந்த எண்ணையும் படமெடுத்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். பிறகுதான் அவனைப் புகார் செய்து முடக்கினோம். முதலில் முடக்கிவிட்டு அழித்திருந்தால், நாளைக்குக் காவல் நிலையம் போக வேண்டி வந்தாலும் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

மறுநாள் அந்த நிறுவனத்துக்கு அழைத்தேன். அவர் தங்கள் ஆளே இல்லை என்றார்கள். பிறகு யார்? குழுவை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பலருடைய எண்ணுக்குப் பக்கத்தில் அழைப்பு இணைப்பு வழியாகச் சேர்ந்தார் என்று இருந்தது, அவனுடைய எண்ணும் அதில் ஒன்று. அந்த இணைப்பைத் துண்டுப் பிரசுரத்திலேயே அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் பிரசுரத்தைப் பொறுக்கியவன்கூட உள்ளே வரலாம், வந்தவனுக்கு நூற்றெண்பது பிள்ளைகளின் எண் கிடைக்கும். இணைப்பை ரத்து செய்யச் சொன்னேன், செய்தார்கள். ஆனால் ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் அதனால் வெளியே போய்விடுவதில்லை.

அன்றைக்கு இரவு நானும் ரவியும் உட்கார்ந்து, அவள் எண் யாரிடம் இருக்க வேண்டும் என்று பேசினோம். பேச்சு சண்டையாகித்தான் முடிந்தது. ஜீப் ஓட்டுநரிடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார் அவர். சாலை அடைபட்டால் முதலில் அவருக்குத்தானே தெரியும் என்பது நியாயமான பேச்சு. நான் கேட்டது ஒரே கேள்வி: நாம் இருவரும் கிடைக்காத மாலையில் அவளைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்? அந்தக் கேள்விக்கு வந்த பெயர்கள், நான், ரவி, மாமியார், பக்கத்து வீட்டு மணி அக்கா, டியூஷன் எடுக்கும் ஜெயா டீச்சர். அவளுடைய இரண்டு தோழிகளை அவளே சேர்த்தாள். ஆக ஏழு பேர். ஓட்டுநரிடம் ரவியின் எண்ணும் மணி அக்காவின் எண்ணும் இருக்கின்றன. அவருடைய எண் அவளிடம் இருக்கிறது, வேண்டுமானால் அவள் அழைக்கட்டும். ஒரு முறை அழைத்தாலே அவள் எண் அவரிடம் போய்விடும் என்பது தெரியும். மண்சரிந்த நாளில் அது போனால் போகட்டும். ஆனால் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்க எந்த அலுவலகத்துக்கும் அவள் அழைக்கக் கூடாது. என்னிடம் சொல்வாள், நான் கேட்டுச் சொல்வேன்.

பயிற்சி வகுப்புகளுக்கு என்று தனியாக இன்னொரு சிம் வாங்கினேன். அது என் போனில் இரண்டாவது சிம்மாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இப்போது ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள முடிகிறது, அதனால் வகுப்புக் குழுக்கள் எல்லாம் அந்த எண்ணில் வரும். இணைய வகுப்பில் நுழைய ஓடிபி வந்தாலும் அதில்தான் வரும். நான் பார்த்துச் சொல்கிறேன், அவள் டேப்லெட்டில் போட்டுக்கொள்கிறாள். வகுப்பில் உட்காரப் பிள்ளையின் எண் தேவையே இல்லை, சாந்தா. படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறதே என்று நாம் நிரப்பிவிடுகிறோம். இப்போது மாணவர் எண் என்ற இடத்திலும் பெற்றோர் எண் என்ற இடத்திலும் அதே எண்ணை எழுதுகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன், நீ கட்டாயம் செய்து பார். ஒவ்வொரு படிவத்திலும் அவள் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதினேன். குன்னூரில் வார இறுதி வகுப்புக்கு "ர. யாழினி". ஒரு நுழைவுத் தேர்வு விளம்பரத்துக்கு "யாழினி ரவி". இணையத்தில் ஒரு வாரம் இலவசமாக நடந்த கணக்கு வகுப்புக்கு "யாழினி வசந்தி". எது எங்கே என்று சமையலறை நாட்காட்டியின் பின்னால் குறித்து வைத்தேன். பதினோராம் நாள் முற்றிலும் வேறு ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: "யாழினி வசந்தியின் அம்மாவா?" அந்தப் பெயரை உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறேன். அதே வாரம் இன்னொரு அழைப்பு, "சேகர் இருக்கிறாரா?" என்று. அது யாரும் கசியவிட்டதல்ல, அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவரைத் தேடி வந்தது. விட்டுப்போன எண்களைச் சில மாதங்கள் கழித்து மறுபடி விற்கிறார்களே. பெயரைக் கவனித்ததால் இரண்டையும் பிரித்தறிய முடிந்தது.

இலவச வகுப்புக்காரர்களுக்கு, எங்கள் விவரத்தை அழித்துவிட்டுத் தெரிவியுங்கள் என்று மின்னஞ்சல் எழுதினேன். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள், அழித்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையின் எண்ணிலும் வகுப்பு எண்ணிலும் 1909க்கு START 0 என்று குறுஞ்செய்தி அனுப்பி விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆனால் படிவத்தின் அடியில் "எங்களைத் தொடர்புகொள்ள ஒப்புதல் தருகிறேன்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் குறியிட்டுவிட்டால் அவர்களை மட்டும் அது தடுக்காது. வாட்ஸ்அப் செய்தியையும் அது தொடாது. அதற்கு அவள் போனில் தனியுரிமைப் பக்கத்துக்குப் போய், குழுவில் யார் சேர்க்கலாம் என்பதற்குத் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றினேன். முகப்புப் படத்துக்கும் அப்படியே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. போன வாரம் குன்னூர் வகுப்பை ஒன்பதிலிருந்து எட்டுக்கு மாற்றிச் செய்தி போட்டிருக்கிறார்கள். நான் தொழிற்சாலையில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன், அங்கே சிக்னல் கிடைக்காது. இரவு பார்ப்பதற்குள் தூங்கிவிட்டேன். பாதி வகுப்புக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். "என் எண் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் அம்மா" என்று அவள் சொல்லவில்லை, முகம் சொன்னது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்காக ஜெயா டீச்சரிடம் போய்ப் பேசினேன். அவரிடம் படிப்பவர்கள் இருபத்தாறு பேர், சாதாரணக் குழுதான் வைத்திருந்தார். அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றியிருந்தார், அதனால் பத்திரம் என்று நினைத்தார். எழுத முடியாதே தவிர, எண்கள் எல்லோருக்கும் தெரியத்தான் செய்யும். கம்யூனிட்டி என்று ஒன்று தொடங்கி அதன் அறிவிப்புப் பகுதியை மட்டும் பயன்படுத்தினால், சேர்ந்தவர்களின் எண் அட்மினுக்குத் தெரியும், ஏற்கனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்குள்ளே இன்னொரு குழு தொடங்கினால் அங்கே மறுபடியும் தெரியும், அதனால் தொடங்கவே வேண்டாம் என்றேன். அறுபது வயதில் அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இப்போது டீச்சரின் அறிவிப்பு யாழினியின் எண்ணுக்கே போகிறது. அந்த ஒரு வகுப்புக்கு மட்டும். குன்னூர்க்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன், பார்ப்போம் என்றார்கள். அதுவரை மதிய இடைவேளையில் ஒரு முறை, ஆறு மணிக்கு ஒரு முறை என்று வெளியே வந்து பார்க்கிறேன்.

உன் கார்த்திக்குக்கும் பொங்கலுக்குப் போன் வாங்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவு நீளம். சிம் வாங்கிய அன்றே இரண்டாக வாங்கு. ஒரு படிவம்கூட நிரப்பாத எண்தான் அவனுடையதாக இருக்கட்டும்.

யாழினி உன்னையும் சேர்க்க வேண்டும் என்கிறாள். சாந்தா அத்தையிடம் கதை பேச வேண்டுமாம். அவள் கையாலேயே எழுதிய சீட்டு இதோடு இருக்கிறது. நம் பள்ளிக் குழுவில் மட்டும் அதைப் போட்டுவிடாதே, உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் அழை, அப்போது வீட்டில் இருப்பாள்.

அன்புடன்,
வசந்தி