ரவை பாக்கெட்டில் கம்பித் துண்டுகள்: அந்த பேட்ச் விற்றுத் தீரும் முன் நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
நுகர்வோர் ஒருவர், மதுரை மாவட்டம்.
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில்)

பெறுநர்:
நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
மதுரை மாவட்டம்.

பொருள்: 500 கிராம் ரவை பாக்கெட்டில் உலோகக் கம்பித் துண்டுகள் – பேட்ச் எண் 1406-2, தயாரிப்பு நாள் 14.06.2025 – கடையிலும் ஆலையிலும் உடனே ஆய்வு செய்யக் கோருதல்.

ஐயா,

வணக்கம். 02.07.2025 அன்று எங்கள் பகுதி மளிகைக் கடையில் மேற்படி ரவை பாக்கெட்டை பில் போட்டு வாங்கினோம். 06.07.2025 ஞாயிறு காலை உப்புமாவுக்காக என் மனைவி ரவையை வறுக்கும்போது வாணலியில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தால் கம்பித் துண்டு. அளவுகோலை வைத்துப் பார்த்ததில் 9 மில்லிமீட்டர் நீளம், இரண்டு முனையும் கூர்மை. அடுப்பை அணைத்துவிட்டு, பாக்கெட்டில் மீதியிருந்த ரவையை வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பித் தேடினோம். அதே போன்ற இன்னொரு துண்டும் கிடைத்தது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அதே பாக்கெட்டிலிருந்து வியாழக்கிழமை ஒருமுறை சமைத்துச் சாப்பிட்டும் இருக்கிறோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கம்பி எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் நாரிலிருந்து விழுந்திருக்கலாம் என்று சொல்லக்கூடும். அப்படி இல்லை என்பதை 4, 5-ஆம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். நார்க் கம்பி தட்டையாக, சீவல் போல் சுருண்டிருக்கும். எங்களுக்குக் கிடைத்தவை உருண்டையான கம்பி. இரண்டிலும் சம இடைவெளியில் மேலும் கீழுமாக மடிப்பு விழுந்திருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சல்லடை வலையிலிருந்து ஒரு கம்பியை உருவினால் இப்படித்தான் இருக்கும். ஆலையில் ரவையைப் பிரித்தெடுக்கும் சல்லடை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பது. வலை தேய்ந்தோ சட்டத்தில் தளர்ந்தோ போனால் ஓரத்துக் கம்பிகள் முறிந்து மாவோடு போய்விடும். இந்தத் துண்டுகளும் அப்படி வந்தவை என்றே நம்புகிறேன்.

அப்படியானால் ஆலையில் இருக்கும் காந்தம் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி வரும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தை அருகே கொண்டுபோனோம், இரண்டு துண்டுமே ஒட்டவில்லை. எவர்சில்வர் கம்பிகளில் பல வகை காந்தத்துக்கு அகப்படாது. மெட்டல் டிடெக்டருக்கும் இது கடினமான பொருள்தான். மெல்லிய கம்பி எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருமுறை மாட்டும், இன்னொரு முறை மாட்டாமல் கடந்துவிடும். ஆகவே "எல்லா பாக்கெட்டும் டிடெக்டரைத் தாண்டித்தான் வருகிறது" என்று ஆலைத் தரப்பில் சொன்னால், அதை மட்டும் வைத்து இந்தப் புகாரை முடித்துவிட வேண்டாம்.

06.07.2025 அன்றே பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். பாக்கெட்டைத் திருப்பித் தந்தால் புதிதாக நான்கு பாக்கெட் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். பாக்கெட் கைமாறினால் சாட்சியம் போய்விடும். அந்த பேட்சில் வேறு புகார் வந்ததா, மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைக்காரர்மேல் எனக்குப் புகார் கிடையாது. சீல் வைத்து வந்ததை விற்றார், விநியோகஸ்தரின் பில்லையும் காட்டினார். ஆனால் அதே பேட்ச் எண் போட்ட பாக்கெட்டுகள் அவர் கடை அலமாரியில் இன்னும் இருக்கின்றன. எனக்கு இருக்கும் கவலையெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் பிரிவு 54, அயல்பொருள் கலந்த உணவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. இந்தப் புகாரை அந்தப் பிரிவோடு முடித்துவிடக்கூடாது என்பது என் வேண்டுகோள். அச்சட்டம் அயல்பொருளுக்குத் தரும் விளக்கத்திலேயே, அது உணவைப் பாதுகாப்பற்றதாக ஆக்காத பொருளாக இருக்க வேண்டும் என்று உள்ளது. நெல் உமியோ நூலோ கிடந்தால் அது சரி. தொண்டையிலும் குடலிலும் குத்தக்கூடிய கூரான கம்பி அந்த வகையில் வராது. இதைப் பாதுகாப்பற்ற உணவாகவே கருத வேண்டும். அப்போதுதான் பிரிவு 26(5) பொருந்தும். ஒரு பேட்சின் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்றால், விரிவாக ஆராய்ந்து வேறு முடிவு வரும்வரை அந்த பேட்ச் முழுவதையும் பாதுகாப்பற்றதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

எனவே முதல் வேலையாக, உணவு பாதுகாப்பு அலுவலரை அனுப்பி, கடையிலும் விநியோகஸ்தரிடமும் மீதமுள்ள 1406-2 பாக்கெட்டுகளின் விற்பனையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். சீல் பிரிக்காத பாக்கெட்டுகளிலிருந்து பிரிவு 47-இன்படி மாதிரி எடுத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும். கம்பி, கலப்பட நிறம் போல எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. நூறு பாக்கெட்டில் ஒன்றிரண்டில் மட்டும் இருக்கலாம். எடுத்த மாதிரியில் கம்பி இல்லை என்று அறிக்கை வந்தால், அந்த பாக்கெட்டில் இல்லை என்றுதான் பொருள். அதனால் பகுப்பாய்வாளருக்கு மாதிரி அனுப்பினால் மட்டும் போதாது, கைப்பற்றிய பாக்கெட்டுகள் அனைத்தையும் பிரித்துச் சலித்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான விடை ஆலையில்தான் இருக்கும். உரிம எண்ணும் ஆலை முகவரியும் 2-ஆம் படத்தில் தெளிவாக உள்ளன. ஆலை வெளிமாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள நியமன அலுவலருக்கு இம்மனுவை அனுப்பி வைக்க வேண்டுகிறேன். சல்லடையைச் சோதித்த பதிவேட்டில், 14.06.2025-க்கு முன் வலை கிழியாமல் இருந்ததாகக் கடைசியாக எழுதிய நாள் எது, அதற்குப் பின் கிழிசல் கண்டதாகவோ வலை மாற்றியதாகவோ குறித்த நாள் எது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு நாளுக்கும் இடையே ஓடிய பேட்ச் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை, 1406-2 மட்டுமல்ல. அப்புறம் மெட்டல் டிடெக்டரைச் சோதனைத் துண்டு போட்டுப் பார்த்த பதிவையும், அதில் எவர்சில்வர் துண்டும் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். வலை கிழிந்தது உறுதியானால் பிரிவு 28-இன்படி அந்த பேட்சுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்ய வேண்டும்.

இம்மனுவில் நான் இழப்பீடு கேட்கவில்லை, அதற்கு நுகர்வோர் ஆணையம் தனியாக இருக்கிறது. அலுவலர் எப்போது வந்து கேட்டாலும் பாக்கெட்டையும் கம்பித் துண்டுகளையும் ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொண்டு ஒப்படைப்பேன். மீதி ரவை பழைய பாக்கெட்டிலேயே மடித்துக் கட்டி, தனி உறையில் காற்றுப் புகாமல் வைக்கப்பட்டுள்ளது. படங்களின் மூலக் கோப்புகள் எந்தத் திருத்தமும் இன்றி என் கைப்பேசியில் உள்ளன. எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மதுரை
நாள்: 08.07.2025

இணைப்பு: படம் 1 – பாக்கெட்டின் முன்பக்கம், படம் 2 – பின்பக்கம், உரிம எண்ணுடன், படம் 3 – மேல் மடிப்பில் அச்சான பேட்ச் எண், தயாரிப்பு நாள், விலை, படம் 4 – அளவுகோலருகே முதல் துண்டு, படம் 5 – இரு துண்டுகளும் வெள்ளைத் தாளில், மடிப்புகள் தெரியும்படி, கடை பில் நகல்.