மாமியின் வேல் படத்துக்கு என்ன பதில் போடுவது

அன்புள்ள பிள்ளை,

உடுவில் மாமி முதல்முதலாக உனக்கு வட்ஸ்அப்பில் போட்டது சந்நிதி வேல் படம் என்றும், கீழே 'இனிய காலை வணக்கம்' என்று இருந்தது என்றும் எழுதியிருந்தாய். என்ன பதில் போடுவதென்று தெரியாமல் பெருவிரலை மட்டும் காட்டினாயாம். அது போதாது.

படத்துக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதென்றும், ஆரோ அனுப்பினதைத் தள்ளிவிட்டிருக்கிறா என்றும் சலித்துக்கொள்கிறாய். அந்த இரட்டை அம்பு பல கை மாறிவந்த படத்துக்கு வருவது. 2020இலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம். சாதாரணப் படமென்றால் ஐந்து பேருக்கு ஒன்றாகத் தட்டிவிடலாம். ஆக, மாமி பட்டியலில் உன் பெயரைத் தேடி எடுத்துத்தான் அனுப்பியிருக்கிறா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தூரப் பிடித்துத் தேடியிருப்பா.

அவவுக்குத் தமிழில் தட்டச்சு ஓடாது. கதைக்க வேண்டும் என்றால் கையில் இருப்பது படம்தான். அதனால் நீயும் ஒரு படத்தைத் திருப்பிப் போடாதே. நாளைக்கு இன்னொன்று வரும், நீயும் இன்னொன்று போடுவாய், கதை மட்டும் தொடங்காது. கைகூப்பின படமும் அப்படித்தான், மரியாதையாகக் கதவைச் சாத்துவதுபோல. படத்தில் இருப்பதைப் பிடித்து, குரலிலேயே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் மாமி. சந்நிதி வேலைக் கண்டது சந்தோசம். சின்னனில அங்க அன்னதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள், ஞாபகம் இருக்கோ? இப்பவும் வெள்ளிக்கிழமையில போறனீங்களோ? முழங்கால் நோ என்ன மாதிரி? மைக்கை அமத்திப் பிடிச்சுச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

படம் வந்தவுடன் எழுத வேண்டாம். கோடையில் எங்களுக்குக் காலை ஆறு மணி, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை. வேலை முடிந்து வந்த அலுப்பில் நீ எழுதுவது ஒரு சொல்லாகத்தான் இருக்கும். அடுத்தநாள் காலை தேத்தண்ணியோடு இருந்து எழுது, இங்கே அப்போது பின்னேரம், மாமியும் ஓய்வாக இருப்பா.

அப்புறம் தினமும் படம் வரத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதத் தேவையில்லை, கிழமைக்கு ஒருக்கால் சரியான கேள்வி ஒன்று போதும். 'பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல்' என்று ஏதும் வந்தால் நீ அனுப்பாதே, மாமியோடு வாதாடவும் வேண்டாம். படத்தோடு ஏதாவது இணைப்பு வந்தால் மட்டும் திறக்காமல், "மாமி, இது ஆர் அனுப்பினது?" என்று கேள்.

போன கிழமை மாமியின் மாட்டுக்குக் கன்று பிறந்தது. அதையும் விசாரி, படம் கேட்டால் அவவே எடுத்து அனுப்புவா.

அன்புடன்,
அம்மா